உங்கள் 37-ம் கேள்வி, அவருக்கு 97: வினாத்தாள் சீரிஸும் விடைக்குறிப்பும்

யுபிஎஸ்சி முதல்நிலைத் தேர்வு முடிந்த மாலை, கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துப் பக்கம் போனால் டீக்கடையில் கேட்கிற முதல் கேள்வி, "உனக்கு என்ன சீரிஸ்?" என்பதுதான். அடுத்த கேள்வி, "முப்பத்தேழுக்கு என்ன போட்ட?" இரண்டாவது கேள்விக்கு, முதல் கேள்வியின் பதில் ஒன்றாக இருந்தால் மட்டுமே அர்த்தம் உண்டு. இதைக் கவனிக்காமல் இரவு முழுக்கத் தூக்கம் தொலைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

யுபிஎஸ்சி வினாத்தொகுப்பின் அட்டையில் பெரிதாக ஏ, பி, சி, டி என்ற நான்கில் ஓர் எழுத்து அச்சாகியிருக்கும். அதுதான் சீரிஸ். அதே அட்டையில் தொகுப்பின் வரிசை எண் இருக்கும், டி.பி.சி. என்று தொடங்கும் ஒரு குறியீடும் இருக்கும். இவை இரண்டும் சீரிஸ் இல்லை. பதற்றத்தில் அந்தக் குறியீட்டிலிருந்து ஓர் எழுத்தை எடுத்து வட்டத்தைக் கறுப்பாக்கிவிடும் ஆபத்து உண்டு.

நான்கு சீரிஸிலும் கேள்விகள் ஒன்றுதான், வரிசைதான் வேறு. பக்கத்து இருக்கைக்காரருக்கு வேறு சீரிஸ் வரும்படி கொடுப்பார்கள். திருத்தும்போது கணினி கேள்வியைப் படிப்பதில்லை. ஓஎம்ஆர் தாளில் நீங்கள் கறுப்பாக்கிய சீரிஸ் வட்டத்தைப் படிக்கிறது, அந்த சீரிஸுக்கான விடைப் பட்டியலை எடுக்கிறது, 1-ம் இடத்தில் நீங்கள் வைத்ததையும் பட்டியலின் 1-ம் இடத்தில் இருப்பதையும் ஒப்பிடுகிறது. இப்படியே 100 வரை. ஆகவே அந்த ஒரு வட்டம் மாறினால் நூறு விடையும் வேறொரு தாளோடு ஒப்பிடப்படும். தாள் அந்த அளவுக்கு வராமல் நிராகரிக்கப்படவும் செய்யலாம். பதிவெண்ணிலோ சீரிஸிலோ விடுபடலோ முரண்பாடோ இருந்தால் விடைத்தாள் நிராகரிப்புக்கு உள்ளாகும் என்று அட்டையிலேயே அச்சடித்திருக்கிறார்கள்.

தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது: தேர்வு தொடங்கியதும் முதலில் பக்கங்களைப் புரட்டி, கிழிந்ததோ அச்சாகாததோ இருக்கிறதா பாருங்கள். அதற்குப் பிறகு சீரிஸ் வட்டத்தைத் தொடுங்கள். தொகுப்பை மாற்றித் தர நேர்ந்தால் புதிய அட்டையில் உள்ள எழுத்தை மறுபடி பார்த்துக்கொள்ளலாம். விடைத்தாளில் பேனாவால் வைத்த கறுப்பை அழிக்க முடியாது.

இனி வீட்டுக்கு வந்து சரிபார்ப்பது. தேர்வன்று மாலையே சுற்றுவதெல்லாம் பயிற்சி மையங்கள் போட்ட விடைக்குறிப்பு. பெரும்பாலும் அவர்கள் கையில் கிடைத்த ஒரு சீரிஸுக்கு மட்டும்தான் அது இருக்கும். அது ஏ சீரிஸ், உங்களிடம் இருப்பது சி என்று வைத்துக்கொள்வோம். கேள்விகள் பல நேரம் கட்டுக்கட்டாக இடம் மாறியிருக்கும் என்பதால் நூறையும் தேட வேண்டியதில்லை. ஏ தாளின் 1-ம் கேள்வியை உங்கள் தாளில் தேடுங்கள். அது 41-ல் இருக்கிறது என்றால், ஏ-யின் 10-ம் கேள்வி உங்கள் 50-லும், 20-ம் கேள்வி உங்கள் 60-லும் இருக்கிறதா பாருங்கள். மூன்றும் பொருந்தினால் அந்தக் கட்டு அநேகமாக அப்படியே 40 தள்ளி வந்திருக்கிறது. அடுத்து ஏ-யின் 21 உங்கள் 81-ல் இருந்தால் தள்ளல் 60. அப்போது ஏ-யின் 37 உங்களுக்கு 97. கட்டின் தலையையும் வாலையும் மட்டும் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். நடுவில் இரண்டு கேள்விகள் இடம் மாறியிருக்கலாம், ஆகவே நடுவிலும் ஒன்றைத் தொட்டுப் பாருங்கள். எண்கள் இங்கே உதாரணத்துக்குத்தான், ஒவ்வோர் ஆண்டும் தள்ளல் வேறாக இருக்கும்.

கிடைத்த குறிப்பில் சீரிஸே போடவில்லையா? நாலு சீரிஸின் விடைகளும் தனித்தனியாகக் கிடைத்து, எது எதுவென்று குழப்பமாக இருக்கிறதா? எக்செலில் 2-ம் வரிசையில் தொடங்கி, பி பத்தியில் உங்கள் விடைகளையும், அடுத்த நான்கு பத்திகளில் அந்த நான்கு விடைப் பட்டியல்களையும் போடுங்கள். பிறகு சி பத்தியின் 102-ம் வரிசையில் இதை எழுதி எஃப் பத்தி வரை வலப்பக்கம் இழுத்துவிடுங்கள்:

```
=SUMPRODUCT(--($B2:$B101=C2:C101))
```

எத்தனை விடை ஒத்துப்போகிறது என்று நான்கு எண்கள் வரும். ஓரளவு படித்து எழுதியவருக்கு அதில் ஒன்று மட்டும் தனியாக உயர்ந்து நிற்கும். அதுதான் உங்கள் சீரிஸ்.

சரியான பட்டியலோடு ஒப்பிடவில்லை என்பதை மதிப்பெண்ணே காட்டிக்கொடுக்கும். பொது அறிவு முதல் தாளில் கேள்விக்கு 2 மதிப்பெண், தவறானால் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 0.66 கழியும். நீங்கள் 80 எழுதி 60 சரி என்றால் 120-ல் 13.2 போக 106.8. அதே 80 விடையை வேறு சீரிஸ் பட்டியலோடு வைத்தால், நான்கில் ஒன்று தற்செயலாகப் பொருந்தும். 20 சரிக்கு 40 வரும், 60 தவறுக்கு 39.6 போகும். மிச்சம் பூஜ்ஜியத்தை ஒட்டி. நன்றாக எழுதிய ஒருவருக்கு மதிப்பெண் பூஜ்ஜியம் பக்கம் வந்தால், அழுவதற்கு முன் பட்டியலின் தலைப்பைப் பாருங்கள்.

டிஎன்பிஎஸ்சியில் இந்த எச்சரிக்கை மணி அடிக்காது, அதுதான் சிக்கல். குரூப் 4 போன்ற தேர்வில் 200 கேள்வி, கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண், தவறுக்குக் கழிவு கிடையாது. வேறு வரிசையில் உள்ள விடைகளோடு ஒப்பிட்டாலும் 50 தற்செயலாகச் சரியாகி 75 மதிப்பெண் வந்துவிடும். "தாள் கஷ்டம், சரியா செய்யல" என்று நம்பிக்கொள்ள அது போதும்.

குழப்பத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. டிஎன்பிஎஸ்சி தாளில் சமீப ஆண்டுகளில் நீங்கள் கறுப்பாக்குவது ஏ, பி என்ற எழுத்தை அல்ல, வினாத்தொகுப்பு எண்ணை. தேர்வாணையம் வெளியிடும் உத்தேச விடை ஒரு வினாத்தாள் வடிவில் வரும். அதில் சரியான விடையின் மேல் டிக் போட்டிருப்பார்கள். அந்தத் தாளின் கேள்வி எண்ணும் உங்கள் தாளின் எண்ணும் ஒன்றாக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். எண்ணை மறந்துவிட்டு, கேள்வியின் வாசகத்தைப் படித்துத்தான் சேர்க்க வேண்டும். விடையையும் அப்படியே: "நான் பி போட்டேன்" என்று எழுத்தைப் பார்க்காமல், பி-யில் என்ன எழுதியிருந்தது என்று பாருங்கள். பொறுமை வேண்டிய வேலைதான். ஆனால் ஒரு முறை உங்கள் வினாத்தொகுப்பின் ஓரத்தில் உத்தேச விடைத்தாளின் எண்ணைப் பென்சிலால் குறித்துவிட்டால் பிறகு எல்லாம் சுலபம்.

அந்தப் பென்சில் எண் இன்னொன்றுக்கும் உதவும். உத்தேச விடையில் தவறு இருப்பதாகத் தோன்றினால் ஏழு நாட்களுக்குள் தேர்வாணைய இணையதளத்திலேயே ஆட்சேபணை தெரிவிக்கலாம். அங்கே கொடுக்க வேண்டியது உத்தேச விடைத்தாளில் உள்ள கேள்வி எண், உங்கள் தாளில் உள்ளது அல்ல. உங்கள் எண்ணைப் போட்டால், நீங்கள் இணைத்த பாடநூல் பக்கம் சம்பந்தமே இல்லாத வேறொரு கேள்விக்குச் சான்றாகப் போய்ச் சேரும்.

வாட்சப்பில் வரும் "37 டெலீட் ஆகிடுச்சாம்" என்ற செய்தியையும் இதே கண்ணோடு படியுங்கள். நீக்கப்படுவது கேள்விதான், எண் அல்ல. செய்தி அனுப்பியவரிடம் எந்தத் தாளின் 37 என்று கேளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால் கேள்வியின் முதல் வரியை அனுப்பச் சொல்லுங்கள், உங்கள் தாளில் தேடி எடுத்துக்கொள்ளலாம்.