அக்னி நட்சத்திரமும் பதினெட்டு டிகிரியும்

மே 5, திங்கள்

நேற்று அக்னி நட்சத்திரம் பிறந்தது. தேவகோட்டையிலிருந்து காரைக்குடிக்கு நின்றுகொண்டே வந்தேன். இறங்கும்போது சுடிதார் முதுகோடு ஒட்டிவிட்டது. அலுவலகக் கதவைத் திறந்தால் ஏசி பதினெட்டில். இப்போது வரும் புது ஏசிகள் போட்டவுடன் இருபத்துநாலில்தான் ஓட வேண்டும் என்று 2020இலிருந்து விதி. எங்கள் மேனேஜர் சார் வந்ததும் ரிமோட்டைத்தான் முதலில் தேடுவார். அவர் கண்ணாடி அறையில் வெயில் நேரே விழுகிறது, அவரைச் சொல்லியும் குற்றமில்லை.

பத்தரைக்கெல்லாம் நடுக்கம். துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். கடன் கேட்டு வந்தவர், "காய்ச்சலாம்மா?" என்றார். அது ஒரு மாதிரி ஆகிவிட்டது.

மே 7, புதன்

வீட்டில் கிடந்த ஸ்வெட்டரைக் கொண்டுபோனேன். கம்பளி, கழுத்தில் அரிப்பு. மதியம் சாப்பிட வெளியே போனால் கையில் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். அதைப் போட்டுக்கொண்டு கவுண்டரில் உட்கார்ந்தால் கொடைக்கானலுக்குப் போகிற ஆள் மாதிரி இருக்கிறது. வேண்டாம்.

மே 10, சனி

இரண்டாம் சனி, விடுமுறை. அப்பத்தாவின் கண்டாங்கி ஒன்று, அரக்குச் சிவப்பில் கட்டம் போட்டது, கீழ்க்கரை நைந்து பெட்டியில் கிடந்தது. கண்டாங்கி புதிதில் முரட்டுப் பருத்தி, பலகை மாதிரி நிற்கும். வருஷக்கணக்கில் துவைத்த பிறகு மெத்தென்று ஆகிவிடும். அதில் முன்பக்கம் திறந்த கோட்டு ஒன்று தைக்கக் கொடுத்தேன்.

தையல்கார அண்ணன் லைனிங் வைக்கலாம், காலருக்கு கேன்வாஸ் போடலாம் என்றார். இரண்டும் வேண்டாம் என்றேன். லைனிங் துணி பெரும்பாலும் பாலியெஸ்டர், வேர்வையை வாங்காது. நான் கேட்டது மூன்றுதான்: இடுப்புக்குக் கீழே ஒரு சாண் நீளம், இரண்டு பொத்தான், முழுக்கை. முழுக்கையை மடித்துவிட்டுக்கொள்ளலாம், முக்கால் கையை நீட்ட முடியாது. கைக்குழியை ஒரு விரல் தாராளமாக வெட்டச் சொன்னார் அம்மா. சுடிதார் கை உள்ளே சுருண்டுகொண்டால் தோள் புடைத்துத் தெரியும் என்றார். சரியான யோசனை.

மே 14, புதன்

கோட்டு வந்துவிட்டது. ஆசையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் மாட்டிக்கொண்டு நேரே ஏசிக்குள் போனேன். தப்பு. முதுகின் ஈரம் அத்தனையும் கோட்டுக்கு ஏறிவிட்டது. பதினொரு மணிக்கு நேற்றைவிடக் குளிர், கூடவே காயாத துணியின் வாடை. மேலே எதைப் போட்டாலும் உள்ளே இருக்கும் ஈரம் காயும்போது உடம்புச் சூட்டை எடுத்துக்கொண்டுதான் போகிறது. கோட்டு போட்டதால் அது காயவும் வழியில்லை.

மே 15, வியாழன்

இரவெல்லாம் இதே யோசனை. எங்கள் வீட்டில் வெயிலிலிருந்து வருபவர் யாரும் நேரே உள்ளே போவதில்லை. திண்ணை, அப்புறம் முகப்பு, அதற்குப் பிறகுதான் வளவு. ஒவ்வொரு கட்டாகச் சூடு இறங்கும். அலுவலகத்தில் திண்ணை இல்லை. ஆனால் மாடிப்படித் திருப்பத்தில் ஜன்னலும் ஒரு ஃபேனும் உண்டு.

ஒரு பஸ் முன்னால் கிளம்பினேன். சின்னப் பிள்ளைகளுக்கு வைப்பது போல முதுகுக்கும் சுடிதாருக்கும் நடுவே ஒரு மெல்லிய துண்டு. மாடித் திருப்பத்தில் அதை உருவினேன், பிழிந்தால் சொட்டும். பையில் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுவிட்டு, கழுத்தைத் துடைத்து, ஃபேனுக்கு முதுகைக் காட்டிப் பத்து நிமிஷம் நின்றேன். புறங்கையைப் பின்னால் வைத்துப் பார்த்தேன். துணி சில்லென்று பட்டால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். சில்லென்று படாத பிறகு உள்ளே போய், நாற்காலியில் உட்காரும் முன் கோட்டை மாட்டினேன். நடுக்கம் வந்த பிறகு மாட்டினால் உடம்பு சூடாக வெகுநேரம் ஆகிறது.

மாலை வரை ஒன்றும் தெரியவில்லை.

மே 20, செவ்வாய்

கோட்டு இப்போது அலுவலகத்திலேயே தொங்குகிறது, நாற்காலி முதுகில் இல்லை, அலமாரிக்குள் ஹேங்கரில். பஸ்ஸில் கசங்குவதும் இல்லை, வேர்வை படுவதும் இல்லை. சாப்பிடப் போகுமுன் கழற்றிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வரும், தனியாகத் துவைக்க வேண்டும், முதல் தண்ணீரில் சாயம் லேசாக இறங்கியது.

விரல் மட்டும் இன்னும் விறைக்கிறது. டைப் அடிக்கும்போது தெரிகிறது. அதற்குக் கோட்டு உதவாது. ஏசியின் இறக்கை நேரே என் மேஜையைப் பார்க்கிறது, அதை மேல்நோக்கித் திருப்பிவிடச் சொல்லியிருக்கிறேன்.

இன்று நகைக்கடன் புதுப்பிக்க ஓர் ஆச்சி வந்தார். ரசீதைப் பார்க்காமல் என் கையையே பார்த்தார். விளிம்பை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்து, "கண்டாங்கியாத்தா இது?" என்றார். ஆமாம் என்றேன். "நல்லாருக்கு," என்று சொல்லிவிட்டு, முந்தானையை இழுத்துத் தோளைச் சுற்றிக்கொண்டார்.

"இங்கே என்னத்தா இப்படிக் குளிருது?"