‘அப்ரூவ்டு’ என்று போடுவதற்கு முன் நாங்கள் பட்ட பாடு

ஒருவழியாக ரெரா எண், அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண், கைக்கு வந்துவிட்டது. நாங்கள் 2 ஏக்கர் சொச்சத்தில் மனை போட்டு விற்கும் சின்ன புரமோட்டர். வாட்ஸ்அப், ஃபேஸ்புக் விளம்பரங்களை எழுதுவது நான். நில அளவை, வரைபடம், நகர் ஊரமைப்பு இயக்ககமான டிடிசிபியின் தொழில்நுட்ப ஒப்புதல் எல்லாம் பெரிய தொல்லை இல்லாமல் நடந்தன. அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது.

ஒப்புதல் கடிதம் வந்த அன்று சாயங்காலமே ஏஜென்டுகள் ‘டிடிசிபி அப்ரூவ்டு, முந்துங்கள்’ என்று படம் போட்டு அனுப்ப ஆரம்பித்துவிட்டார்கள். அந்தக் கடிதத்தை முழுசாகப் படித்தவர் யாரும் அப்படிப் போட மாட்டார். சாலையையும் பூங்கா இடத்தையும் உள்ளாட்சிக்குத் தானப்பத்திரமாக எழுதிக் கொடுக்க வேண்டும், பிறகு இறுதி அனுமதி பெற வேண்டும் என்று அதிலேயே நிபந்தனை இருக்கிறது. அது பாதி வழிதான். அந்த நிலையில் மனை வாங்கினால் பத்திரம் பதிவதே சிக்கலாகிவிடும்.

தானப்பத்திரத்தில்தான் எங்களுக்கு அடி விழுந்தது. எங்கள் நிலம் ஒரே சர்வே எண்ணின் மூன்று உட்பிரிவுகளில் இருக்கிறது. பத்திரம் எழுதியவர் சொத்து விவரத்தில் ஓர் உட்பிரிவை விட்டுவிட்டார், பூங்காவின் ஓரம் ஒரு துண்டு அதில்தான் வருகிறது. அலுவலகத்தில் கோப்பை வாங்கி வைத்துக்கொண்டு ‘அப்புறம் வாங்க’ என்று அனுப்பினார்களே தவிர, எது குறைகிறது என்று யாரும் சொல்லவில்லை. போகும்போதெல்லாம் புதிதாக ஒரு ஜெராக்ஸ் கேட்டார்கள். கடைசியில் வேறொரு மேசையில் இருந்த அம்மாதான் வரைபடத்தையும் பத்திரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, “இந்த எண் இதில் இல்லையே சார்” என்று விரலை வைத்துக் காட்டினார். அதற்குப் பிழைத்திருத்தப் பத்திரம் போட வேண்டியிருந்தது, நில உரிமையாளரோ வெளியூரில். அலைச்சல் போனது போக, அதுவரை ரெரா விண்ணப்பமும் நகரவில்லை. தானப்பத்திர வரைவு வந்ததும், ஒப்புதல் பெற்ற வரைபடத்தை விரித்து ஒவ்வொரு உட்பிரிவையும், சாலை, பூங்கா பரப்பையும் டிக் அடித்துச் சரிபாருங்கள். பதிவுக்கு முன் இது அரை மணி நேர வேலைதான்.

இந்த இடைவெளியில்தான் நெருக்கடி அதிகம். ‘ப்ரீ லாஞ்ச் என்றாவது போடலாமே’ என்று எல்லோரும் கேட்டார்கள். முடியாது. 500 சதுர மீட்டருக்கு மேல் மனைப்பிரிவு என்றால் ரெரா சட்டம் 3ஆம் பிரிவின்படி பதிவு எண் வருவதற்கு முன் விற்பது மட்டுமல்ல, விளம்பரம் செய்வதும் முன்பதிவு வாங்குவதும் தவறு. அபராதம் திட்டச் செலவில் 10 சதவீதம் வரை போகும். மனசுக்குக் கஷ்டமாக இருந்ததும் வேறு விஷயம்: டோக்கன் பணம் கொடுக்க வருபவர்கள் பெரும்பாலும் சீட்டு போட்டுச் சேர்த்தவர்கள், அவர்களிடம் ‘வந்துவிடும்’ என்ற வாக்கை வைத்துப் பணம் வாங்க எனக்கு மனமில்லை. ஏஜென்டுகளைக் கூப்பிட்டுப் பேசி, அந்தப் படங்களை நீக்க வைத்தேன். இருவர் கோபித்துக்கொண்டு போய்விட்டார்கள், போகட்டும்.

எண் வந்தபின் எழுதிய முதல் பதிவில் ‘100% லீகல் கிளியர்’ என்று போடவில்லை, ஏனென்றால் அப்படி ஒரு சான்றிதழ் எந்த அலுவலகமும் தருவதில்லை. டிடிசிபி பார்ப்பது மனைப்பிரிவின் அமைப்பை. ரெரா பதிவு என்றால் திட்ட விவரங்களைப் பதிவு செய்திருக்கிறோம் என்று அர்த்தம். நிலம் யாருடையது என்பதற்கு இவை இரண்டுமே உத்தரவாதம் ஆகாது. அதனால் இப்படி எழுதினேன்: ‘மனைப்பிரிவு ஒப்புதல் எண், ரெரா பதிவு எண் கீழே உள்ளன, rera.tn.gov.in தளத்தில் நீங்களே பாருங்கள். பட்டா இப்போது மொத்த நிலத்துக்கும் உரிமையாளர் பெயரில் இருக்கிறது, கிரயம் முடிந்தபின் உங்கள் மனைக்கு உட்பிரிவு செய்து தனிப் பட்டாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். தாய்ப்பத்திரம், 30 வருட வில்லங்கச் சான்று நகல் தருகிறோம், உங்கள் வக்கீலிடம் காட்டுங்கள். வங்கிக் கடன் கிடைப்பது வங்கியின் முடிவு.’ ரெரா எண்ணும் தள முகவரியும் விளம்பரத்தில் இருக்க வேண்டும் என்பது 11ஆம் பிரிவிலேயே உள்ளது, பலர் மூலையில் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் போடுகிறார்கள். நான் விலைக்குக் கீழே அதே அளவில் போட்டேன்.

‘உடனடி பட்டா’ இல்லாமல் யார் கூப்பிடுவார்கள் என்று பார்ட்னர் பயந்தார். அழைப்பு குறைந்தது உண்மைதான். ஆனால் கூப்பிட்டவர்கள் பத்திர நகல் கேட்டார்கள், வக்கீலோடு வந்து பார்த்தார்கள், அதில் முதல் ஒப்பந்தம் பதிவாகிவிட்டது. பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்பதை மனை வாங்கியவரிடம் நாங்களே சொல்லித்தான் பணம் வாங்கினோம்.

இன்னொன்று, விளம்பரப் படத்தில் தேதியைப் போடுங்கள். பழைய படங்கள் இன்னும் குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கின்றன, எது எங்களுடையது என்று கேட்பவருக்கு அந்தத் தேதியைக் காட்டித்தான் சொல்ல முடிகிறது.