சப்டைட்டிலைப் போட்டும் எடுத்தும்

வெளிநாட்டுக்கு வந்த புதிதில் ஆபீஸ் மெயிலெல்லாம் சரளமாகப் படித்துப் பதில் போட்டுவிடுவேன், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் சாதாரணமாக ஏதாவது கேட்டால்தான் பாதி காதில் விழாது. அவ்வளவும் தெரிந்த வார்த்தைகள்தான், ஆனால் பேசும்போது ஒன்றோடொன்று ஒட்டி வேறு சத்தமாகிவிடும்.

இதற்குக் கைகொடுத்தது ஆங்கில ஆடியோவுக்கு ஆங்கில சப்டைட்டிலே. தாய்மொழியில் போட்டால் கதை புரியும், காது தூங்கிவிடும். 2009இல் வெளியான ஓர் ஆய்வில் நெதர்லாந்துக்காரர்களுக்கு ஸ்காட்லாந்து, ஆஸ்திரேலிய உச்சரிப்புகளைக் காட்டிச் சோதித்தார்கள். ஆங்கில சப்டைட்டிலோடு பார்த்தவர்களுக்கு, பார்த்த காட்சியில் வராத புதிய வாக்கியங்களும் நன்றாகப் பிடிபட்டன, டச்சு சப்டைட்டிலோடு பார்த்தவர்களோ அந்தப் புதிய வாக்கியங்களில் சப்டைட்டிலே இல்லாதவர்களைவிடப் பின்தங்கினார்கள்.

நான் செய்வது இதுதான்: இரண்டு பேர் பேசுகிற இரண்டு நிமிடக் காட்சி ஒன்றை முதலில் சப்டைட்டில் இல்லாமல் ஓடவிட்டு, பிடிபடாத இடத்தில் நிறுத்தி, காதில் விழுந்ததைத் தமிழிலேயே கிறுக்கிக்கொள்வேன். ஒருமுறை ‘யூ ஷுடா டோல்டிம்’ என்று எழுதியிருந்தேன். பத்து வினாடி பின்னால் போய் சப்டைட்டிலைப் போட்டால், அது ‘யூ ஷுட் ஹேவ் டோல்ட் ஹிம்’. ‘ஹேவ்’ வெறும் ‘அ’வாகச் சுருங்கியிருக்கிறது, ‘ஹிம்’மில் ‘ஹ’வே காணோம். உடனே சப்டைட்டிலை எடுத்துவிட்டு அதே வரியை மறுபடி கேட்க வேண்டும், பலரும் விட்டுவிடுகிற படி இதுதான், காது பழகுவதே இங்கேதான். அப்புறம் ‘குடா’, ‘வுடா’, ‘ஆஸ்கிம்’ எல்லாம் தானாகப் பிடிபட ஆரம்பிக்கும். வேகத்தை 0.75க்குக் குறைத்தும் கேட்கலாம், ஆனால் கடைசியாக ஒருமுறை சாதாரண வேகத்தில் கேட்காமல் விடாதீர்கள்.

நாம் கேட்கிறோமா, படிக்கிறோமா என்று எப்படித் தெரியும்? நடிகர் ஜோக்கை முடிப்பதற்குள் நமக்குச் சிரிப்பு வந்துவிட்டால் படித்துக்கொண்டிருக்கிறோம் என்று அர்த்தம். முழு வரியும் ஒரே நேரத்தில் திரையில் வந்துவிடுவதால் கண் முந்திக்கொள்ளும்.

இன்னொரு சிக்கல், டப்பிங். கொரியத் தொடரை ஆங்கில ஆடியோவில் வைத்தால் சப்டைட்டில் பெரும்பாலும் வேறு வார்த்தைகளில் ஓடும். ஏனென்றால் டப்பிங் வசனத்தை வாயசைவுக்கு ஏற்ப மாற்றி எழுதுகிறார்கள், சப்டைட்டில் மூலத்திலிருந்து தனியாக மொழிபெயர்க்கப்படுகிறது. அதனால் ஆங்கிலத்திலேயே எடுத்ததைத் தேர்ந்தெடுங்கள். CC அல்லது SDH என்று போட்டிருப்பது காது கேளாதோருக்காகப் பேச்சைப் பெரும்பாலும் அப்படியே எழுதும் சப்டைட்டில். அதில் கதவு தட்டும் சத்தம்கூட எழுத்தில் வரும், அதைச் சகித்துக்கொள்ளலாம். அதிலும் வேகமான பேச்சு வந்தால், படிக்க நேரம் போதாதென்று ஒன்றிரண்டு வார்த்தைகளை வெட்டியிருப்பார்கள். காதில் விழுந்தது திரையில் இல்லையென்றால் காதையே நம்பலாம்.

வெளிநாட்டில் வளரும் நம் பிள்ளைகளுக்குத் தமிழில் இதே தொல்லை வரும். எழுத்துத் தமிழ் படித்த பிள்ளைக்கு ‘வந்துட்டிருக்கேன்’ புரியாது, திரையிலோ ‘வந்துகொண்டிருக்கிறேன்’ என்று இருக்கும். இரண்டையும் ஒருசேரப் பார்ப்பது நல்லதுதான். ஆனால் தமிழ்ப் படமாக இருந்தாலும் பல ஆப்களில் ஆங்கில சப்டைட்டில்தான் கிடைக்கிறது, பிள்ளையைக் கூப்பிடுவதற்கு முன் மெனுவைத் திறந்து பார்த்துவிடுங்கள்.