போட்டோவில் தெரியாத தேமல்

ஊசி குத்தியது எனக்குத் தெரியவில்லை. தைத்துக்கொண்டிருந்த வெள்ளைத் துணியில் சிவப்பாக ஒரு பொட்டைப் பார்த்த பிறகுதான், இடது கைச் சுண்டுவிரல் நுனியில் ரத்தம் வருவதைக் கவனித்தேன். அழுத்திப் பார்த்தேன், வலிக்கவில்லை. தையல் வேலை செய்கிறவர்களுக்கு ஊசி குத்துவது புதிதல்ல. ஆனால் குத்தினால் சுருக்கென்று இருக்கும், கை தானாகப் பின்னால் போகும். அன்றைக்கு அது எதுவும் நடக்கவில்லை.

இதற்குச் சுமார் 2 மாதம் முன்பு, அதே கையில் முழங்கைக்குச் சற்றுக் கீழே வெளிறிய தேமல் ஒன்று இருப்பதைப் பார்த்திருந்தேன். ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரியது. அரிப்பு, எரிச்சல் எதுவும் இல்லை. பெரியப்பா மகன் டாக்டர் என்பதால், போனில் போட்டோ எடுத்து அவருக்கு அனுப்பினேன். "தோல் நல்லாத்தானே இருக்கு. லேசான தேமல் மாதிரி தெரியுது, பூஞ்சையா இருக்கலாம், இந்த க்ரீமைத் தடவிப் பாரு" என்றார். 4 வாரம் தடவிவிட்டு மறுபடியும் போட்டோ அனுப்பினேன். அதில் தேமல் இருந்த இடமே தெரியவில்லை. "பாத்தியா, போயிடுச்சு" என்றார் அண்ணன். எனக்கும் நிம்மதி. கையை நேரில் பார்த்தபோது ஏதோ இன்னும் இருக்கிற மாதிரிதான் இருந்தது. ஆனாலும் கண்ணைவிடப் போட்டோவைத்தான் நம்பினேன்.

அண்ணன் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவர் கையில் இருந்தது ஒரு படம், அந்தப் படத்தில் இருந்ததைத்தான் சொன்னார். நான் கேட்காததும் அவர் கேட்காததும் ஒரே கேள்விதான்: அந்த இடத்தில் தொட்டால் தெரிகிறதா?

ஊசி சம்பவத்துக்குப் பிறகு தோல் டாக்டரிடம் நேரில் போனேன். உட்கார்ந்ததும் போனை எடுத்துப் படங்களைக் காட்டப் போனேன். "அது அப்புறம். முதல்ல கையைக் காட்டுங்க" என்றார். மேலே இருந்த விளக்கை அணைத்துவிட்டு, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி கையைத் திருப்பினார். தேமலின் ஓரம் தெளிவாகத் தெரிந்தது. நடுவில் தோல் கொஞ்சம் வறண்டும் இருந்தது. அந்த இடத்தில் வியர்க்கிறதா என்று கேட்டார். நான் ஒருநாளும் கவனித்ததில்லை.

அப்புறம் ஒரு பஞ்சை எடுத்து அதன் நுனியைத் திரித்து மெல்லிய இழையாக்கினார். கண் திறந்திருக்கும்போதே வலது கையில் அதை வைத்துக் காட்டி, "நான் தொடுற இடத்துல உங்க விரலை வைக்கணும், அவ்வளவுதான்" என்றார். தடவவில்லை, தேய்க்கவில்லை. இழை லேசாக வளையும் அளவுக்கு ஒரு தொடுதல் மட்டும். நான் புரிந்துகொண்டேன் என்று உறுதியான பிறகு கண்ணை மூடச் சொன்னார். வலது கையில் தொட்டார், சரியான இடத்தில் விரல் வைத்தேன். இடது கையில் மணிக்கட்டுக்கு மேலே தொட்டார், அதையும் காட்டினேன். தேமலுக்கு ஒரு விரல் தள்ளித் தொட்டார், அதுவும் சரி. அப்புறம் ரொம்ப நேரம் எதுவும் நடக்கவில்லை. ஏதாவது எழுதிக்கொண்டிருக்கிறாரோ என்று நினைத்தேன். "இப்ப கண்ணைத் திறங்க" என்றார். பஞ்சு இழை தேமலின் நடுவிலேயே இருந்தது.

இப்போது எழுதும்போதும் அந்த நொடி எனக்கு அப்படியே நினைவில் இருக்கிறது. என் கண்ணெதிரே என் தோல் மேல் ஒரு பொருள் இருக்கிறது, என் உடம்புக்கு அது தெரியவில்லை.

அடுத்து முழங்கையை மடக்கச் சொல்லி, உட்புற எலும்பு முட்டுக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தில் விரல்களை வைத்து மெதுவாக உருட்டிப் பார்த்தார். எங்கேயாவது இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை ஷாக் அடிக்குமே, அந்த நரம்பு ஓடும் இடம் அது. முதலில் வலது, பிறகு இடது, மறுபடியும் வலது. என் விரலையே வைத்துப் பார்க்கச் சொன்னார். வலது பக்கம் மெல்லிய நூல் மாதிரி நழுவியது. இடது பக்கம் தடித்த கயிறு மாதிரி இருந்தது, அழுத்தினால் வலித்தது. கடைசியாக, சுண்டுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில் ஒரு தாளைக் கொடுத்து இறுக்கிப் பிடிக்கச் சொல்லி இழுத்தார். வலது கை விடவில்லை. இடது கையிலிருந்து தாள் சுலபமாக வந்துவிட்டது.

சட்டையைக் கழற்றச் சொல்லி முதுகையும் பார்த்தார். இடுப்புக்கு மேலே இன்னொரு தேமல், கையில் இருந்ததைவிடப் பெரியது, அங்கேயும் பஞ்சு தெரியவில்லை. எத்தனை நாளாக இருக்கிறதோ, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. என் முதுகை நான் எப்படிப் பார்ப்பேன்? நான் அனுப்பிய படங்கள் எல்லாம் நான் கண்ட இடத்தின் படங்கள்தான்.

"தொழுநோய். ஆரம்ப நிலை. முழுசா குணமாகும்" என்றார். அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு உடம்பு சில்லிட்டுவிட்டது. அவர் அவசரப்படவில்லை. இந்தக் கிருமி மிக மெதுவாக வளரும், உள்ளே புகுந்து அறிகுறி தெரியச் சராசரியாக 5 வருடம் ஆகும், 20 வருடம்கூட ஆகலாம் என்றார். அது குளிர்ச்சியான இடங்களை விரும்பும், அதனால் தோலையும் தோலுக்கு அருகில் ஓடும் நரம்புகளையும் பிடிக்கும் என்று விளக்கினார். உணர்ச்சி இல்லாத தேமல், உணர்ச்சிக் குறைவோ பலவீனமோ சேர்ந்த தடித்த நரம்பு, தோல் கீறல் சோதனையில் கிருமி, இந்த மூன்றில் ஒன்று உறுதியாக இருந்தாலே நோய் என்று முடிவு செய்வார்களாம். எனக்கு முதல் இரண்டும் இருந்தன.

மூன்றாவதையும் செய்தார்கள். காது மடலையும் தேமல் ஓரத்தையும் ரத்தம் வராதபடி இறுக்கிப் பிடித்து, சிறிதாகக் கீறி, உள்ளே சுரண்டி எடுத்ததைக் கண்ணாடியில் தடவிச் சாயமேற்றிப் பார்ப்பது அது. முடிவு, கிருமி இல்லை என்று வந்தது. நான் உடனே, "அப்போ நோய் இல்லையா டாக்டர்?" என்று கேட்டேன். என்னைப் போல 5 தேமலுக்குள் இருப்பவர்களுக்குக் கிருமி மிகக் குறைவாகத்தான் இருக்கும், சுரண்டிய துளியில் அது அகப்படாமல் போவதுதான் வழக்கம் என்றார். மைக்ராஸ்கோப்பில் தெரியவில்லை என்பதும், போனில் தெரியவில்லை என்பதும் அவருக்கு ஒரே வகைப் பதில்தான். பார்த்த இடத்தில் காணவில்லை, அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

அதன் பிறகுதான் என் பழைய போட்டோக்களைப் பார்த்தார். முதல் படத்தைப் பெரிதாக்கினால் தேமலின் ஒரு பக்க ஓரம் மங்கலாகத் தெரிந்தது. இரண்டாவது படத்தில் சுத்தமாக ஒன்றும் இல்லை. அதை ராத்திரி ஃபிளாஷ் போட்டு எடுத்திருந்தேன். நேருக்கு நேர் விழும் வெளிச்சம் லேசான நிற வித்தியாசத்தை அடித்துவிடும். அதோடு, போன் தானாகவே நிறத்தையும் வெளிச்சத்தையும் சரிசெய்யும், சில போன்கள் தோலை வழவழப்பாக்கிவிடும், அனுப்பும்போது படம் இன்னும் சுருங்கும். க்ரீம் வேலை செய்தது என்று நாங்கள் நம்பியதற்குக் காரணம் ஃபிளாஷ்தான்.

"அப்போ நல்ல வெளிச்சத்துல, நல்ல கேமராவுல எடுத்திருந்தா கண்டுபிடிச்சிருக்கலாமா?" என்று கேட்டேன். தேமல் நன்றாகத் தெரிந்திருக்கும், ஆனால் தேமல் மட்டும்தான் தெரிந்திருக்கும் என்றார். பூஞ்சைத் தேமலும், சத்துக்குறைவு என்று சொல்லப்படும் வெள்ளைத் திட்டும், இதுவும் படத்தில் ஒன்று போலவே இருக்கலாம். இவற்றைப் பிரித்துக் காட்டுவது தொடு உணர்ச்சி, அதற்கு நிறமே கிடையாது. தேமலே வராமல் நரம்பை மட்டும் பிடிக்கும் வகையும் உண்டு. அப்படிப்பட்டவருடைய தோலை எந்தக் கேமராவில் எடுத்தாலும் ஆரோக்கியமான தோலாகத்தான் இருக்கும். படத்தைப் பார்த்துச் சந்தேகம் வந்தால், அந்தச் சந்தேகம் உதவும், உடனே கூப்பிட்டுவிடலாம். படத்தைப் பார்த்து "ஒன்றும் இல்லை" என்று அனுப்பிவிடுவதுதான் முடியாது என்றார். அவரும் என் கையையும் முதுகையும் படம் எடுத்து வைத்துக்கொண்டார். அது பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க.

மருந்து 6 மாதம். ரிஃபாம்பிசின், டாப்சோன், க்ளோஃபாசிமின். ரிஃபாம்பிசின் சாப்பிட்ட நாளில் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும், க்ளோஃபாசிமினால் தோல் கொஞ்சம் கறுக்கும், இரண்டையும் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். டாப்சோன் ரத்த அணுக்களை உடைக்கலாம் என்பதால் முதலில் ரத்தப் பரிசோதனை. நரம்பு மரத்து 6 மாதம் ஆகாததால், அதைக் காப்பாற்ற ஸ்டீராய்டு மாத்திரையும் கொடுத்துப் படிப்படியாகக் குறைத்தார்கள். தாளைப் பிடிக்கும் பலம் பெரும்பாலும் திரும்பிவிட்டது. தேமலில் உணர்ச்சி முழுதாக வரவில்லை. சுண்டுவிரல் நுனியும் இன்னும் மந்தம்தான், அதனால் அந்தக் கைக்கு விரல் உறை போட்டுத்தான் தைக்கிறேன். அந்த க்ரீம் தடவிய 4 வாரம் முன்னால் கிடைத்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நினைக்காத நாள் இல்லை.

கூட இருப்பவர்களையும் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். என் தங்கை, "நான் எல்லாருக்கும் போட்டோ எடுத்து அனுப்பிடறேன்" என்றாள். இவ்வளவு நடந்த பிறகும் நான் தலையாட்டத்தான் போனேன். டாக்டர் ஒப்புக்கொள்ளவில்லை, எல்லோரும் வந்தார்கள். யாருக்கும் நோய் இல்லை. தடுப்புக்காகப் பெரியவர்களுக்கு ஒரே ஒரு வேளை ரிஃபாம்பிசின் கொடுத்தார்கள். தங்கையின் 7 வயது மகனுக்கு மட்டும் கன்னத்தில் ஒரு வெளிறிய திட்டு இருந்தது. பஞ்சு வைத்துப் பார்த்தார், சரியாகக் காட்டினான். தங்கை எழுந்தேவிட்டாள். டாக்டர் உட்காரச் சொன்னார். முகத்தில் நரம்புகள் அடர்த்தியாக இருப்பதால், நோய் இருந்தாலும் முகத்தில் உணர்ச்சி மாறாமல் இருக்கக்கூடும், அதனால் இந்தச் சோதனையையும் முகத்தில் அப்படியே நம்ப முடியாது என்றார். அவனுக்கு மட்டும் மாத்திரையை நிறுத்தி வைத்து, 3 மாதம் கழித்துக் கூட்டிவரச் சொன்னார்.

3 மாதத்தில் திட்டு மறைந்துவிட்டது. நேரில் பார்த்தும் மறைந்துதான் இருந்தது. டாக்டர் ஜன்னல் பக்கம் அவன் முகத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, கழுத்தைச் சாய்க்கச் சொல்லி, காதுக்குக் கீழே இரண்டு பக்கமும் விரலை உருட்டி நரம்பைத் தேடினார். அவன் கூச்சம் தாங்காமல் சிரித்துக்கொண்டே இருந்தான்.