விரிசல் விழுந்த மெமரி கார்டில் முதல் முயற்சி

திருமணப் படங்கள் இருந்த 64 ஜிபி எஸ்டி கார்டு ஒன்று, பின்பையில் வைத்தபடியே உட்கார்ந்ததால் வளைந்து, குறுக்கே விரிசலுடன் எங்கள் பழுதுபார்ப்புக் கடைக்கு வந்தது. "ரீடரில் ஒருமுறை போட்டுப் பாருங்கள் அண்ணே" என்றார் புகைப்படக்காரர். நான் போடவில்லை. உள்ளே ஏதேனும் இணைப்பு விலகித் தொட்டுக்கொண்டிருந்தால், மின்சாரம் பாயும் அந்த ஒரு நொடியிலேயே, அதுவரை பிழைத்திருந்த சிப்பும் போய்விடக்கூடும். வளைந்ததைக் கையால் நிமிர்த்துவதும் அதே அளவு ஆபத்தானது.

முதலில் விரிசல் எங்கே ஓடுகிறது என்பதை உருப்பெருக்கியில் பார்த்தேன். பெரிய எஸ்டி கார்டின் நீளம் 32 மில்லிமீட்டர்; ஆனால் பல கார்டுகளில் சிப்பும் சர்க்யூட் பலகையும் தங்கநிறத் தொடுமுனைகள் இருக்கும் பக்கத்தில் மட்டுமே இருக்கும், மறுபாதி வெறும் பிளாஸ்டிக் கூடு. இந்தக் கார்டில் விரிசல் அந்த வெற்றுப் பகுதியில்தான் இருந்தது. கூட்டின் ஓரத்தை மெல்லிய கத்தியால் பிரித்துப் பலகையை வெளியே எடுத்தபோது, அதில் வளைவோ கீறலோ தென்படவில்லை. நான்காவது தொடுமுனை மின்சாரத்துக்கும் மூன்றாவதும் ஆறாவதும் தரை இணைப்புக்கும் உரியவை. மல்டிமீட்டரை வைத்து அவற்றுக்கிடையே ஷார்ட் இல்லை என்று உறுதிசெய்த பிறகே, பலகையை அதே அமைப்புள்ள வேறொரு நல்ல கூட்டில் பொருத்தினேன்.

ரீடரில் செருகியதும் விரலால் தொட்டுப் பார்த்தேன். சூடேறினால் உடனே உருவிவிட வேண்டும். சூடு இல்லை, கொள்ளளவும் சரியாகவே தெரிந்தது. கொள்ளளவு சுழியம் என்றோ சில எம்பி என்றோ காட்டியிருந்தால், கட்டுப்பாட்டுச் சிப் சேமிப்புப் பகுதியை எட்ட முடியவில்லை என்று கொண்டு, அங்கேயே நிறுத்தியிருப்பேன். படங்களைத் திறந்து பார்க்கும் ஆசையை அடக்கி, கார்டு தானாக மவுண்ட் ஆகாதபடி செய்துவிட்டு, லினக்ஸில் ddrescue என்ற நிரலால் முழுக் கார்டையும் ஒரே கோப்பாகப் படியெடுத்தேன்:

```
ddrescue -d -n /dev/sdX card.img card.map
```

sdX என்பதற்குப் பதில் கார்டின் சரியான பெயரைத் தர வேண்டும். இக்கட்டளை எளிதில் படிக்கக்கூடிய பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, அடம்பிடிக்கும் இடங்களை வரைபடக் கோப்பில் குறித்துவிட்டு நகர்கிறது. நடுவில் கார்டு செத்தாலும் அதுவரை எடுத்தவை நம்மிடம் இருக்கும். கோப்பு அமைப்பு சிதையாமல் இருந்ததால், படிக்கோப்பிலிருந்தே படங்கள் பழைய பெயர்களுடன் கிடைத்தன. அது சிதைந்திருந்தால், போட்டோரெக் என்ற மீட்பு மென்பொருள் மூலம் படிக்கோப்பில் தேடியிருப்பேன்.

மைக்ரோ எஸ்டியில் இந்த வழி இல்லை. அங்கே கட்டுப்பாட்டுச் சிப்பும் சேமிப்புச் சிலிக்கனும் ஒரே பிசின் வார்ப்பில் புதைந்திருப்பதால், கழற்றி மாற்றக் கூடு என்று தனியாக எதுவும் கிடையாது. விரிசல் சிலிக்கனைக் கடந்திருந்தால், ஆய்வகத்தாலும் அந்தப் படங்களை மீட்க முடியாது. சிலிக்கன் தப்பி, இணைப்புகளோ கட்டுப்பாட்டுப் பகுதியோ மட்டும் கெட்டிருந்தால், பூச்சைச் சுரண்டி உள்முனைகளில் நுண்கம்பி இணைத்துப் படிக்க வழியுண்டு. அது கடை மேசையில் நடக்கும் வேலை அல்ல என்பதால், அத்தகைய கார்டுகளை ஒருமுறைகூடச் செருகாமல் தரவுமீட்பு ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லித் திருப்பித் தருகிறேன்.