வரைபடத்தில் சுழியை விட்டுவிட்டால்: பலபடியின் மோலார் நிறை கணக்கில் நான் செய்த பிழை

தில்லி பேர் சராயில் அறை எடுத்துத் தங்கி, எம்.எஸ்சி. சேர்க்கைக்கான ஜாம் தேர்வுக்குப் படித்த காலத்தில், சவ்வூடு பரவல் அழுத்தத்திலிருந்து பலபடியின் மோலார் நிறையைக் காணும் கணக்கை நான் எளிதான மதிப்பெண் என்றே எண்ணியிருந்தேன். ஒரு மாதிரித் தேர்வில் விடை தவறிய பிறகுதான், அந்தக் கணக்கின் உயிர் சமன்பாட்டில் இல்லை, வரைபடத்தின் இடது ஓரத்தில் இருக்கிறது என்று புரிந்தது.

கணக்கு இதுதான். பாலிஸ்டைரீனை டொலுயீனில் கரைத்து 25 பாகை செல்சியசில் அளந்தபோது, லிட்டருக்கு 2, 4, 6, 8 கிராம் செறிவுகளில் கரைசல் முறையே 0.63, 1.36, 2.18, 3.10 செ.மீ. உயர்ந்து நின்றது, கரைசலின் அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு 862 கிலோகிராம். அழுத்தம் Π = ρgh என்பதால், நமக்கு வேண்டிய உறவு இப்படி அமைகிறது:

Π/c = RT/M + RT·A₂·c

இதில் c செறிவு, h கரைசல் உயர்ந்த அளவு, M மோலார் நிறை. முதல் உறுப்பு மட்டும் இருந்தால் அது வான்ட் ஹாஃப் விதி, அது நீர்த்த கரைசலுக்கு மட்டுமே பொருந்தும். A₂ உள்ள உறுப்பு அந்த விதியிலிருந்து விலகுவதைக் காட்டுகிறது. டொலுயீன் போன்ற நல்ல கரைப்பானில் பாலிஸ்டைரீன் சங்கிலிகள் விரிந்து கிடக்கின்றன. ஒன்றின் இடத்தில் மற்றொன்று நுழைய முடியாததால், செறிவு கூடக்கூட அழுத்தம் விதி சொல்வதைவிட மிகுதியாகிறது. சங்கிலிகள் ஒன்றையொன்று அறியாத நிலை செறிவு சுழியாகும்போதுதான் வரும். அங்கே அளக்க அழுத்தமே இருக்காது என்பதால், h/c மதிப்புகளைச் செறிவுக்கு எதிராகக் குறித்து, கோட்டைச் சுழி வரை நீட்டிப் படிக்கிறோம்.

நான்கு h/c மதிப்புகளும் 0.315, 0.340, 0.363, 0.3875 என வருகின்றன. மாதிரித் தேர்வில் இடம் மிச்சமாகட்டும் என்று கிடை அச்சை 2-இலிருந்து தொடங்கினேன். கோடு செங்குத்து அச்சைத் தொட்ட 0.315-ஐயே வெட்டுத்துண்டு என்று எடுத்துக்கொண்டேன். விடை ஏறத்தாழ 93,000 கிராம்/மோல் என வந்தது. அறையில் உடன் தங்கியிருந்த திருநெல்வேலி அண்ணன் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, உன் கிராப்ல சுழி எங்கடா இருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

கோட்டை முறையாகப் பொருத்தினால் சாய்வு 0.0120, வெட்டுத்துண்டு 0.2913. லிட்டருக்குக் கிராம் என்பதும் கன மீட்டருக்குக் கிலோகிராம் என்பதும் ஒரே எண் ஆகையால், செ.மீ.-ஐ மீட்டராக்கினாலே அலகுகள் சீராகிவிடும்:

RT/M = 862 × 9.81 × 0.002913 = 24.63 J/kg
M = 2479 / 24.63 = 100.6 kg/mol

அதாவது ஒரு மோலுக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் கிராம். அடர்த்தியின் இடத்தில் பழக்கதோஷத்தில் நீரின் 1000-ஐப் போடுபவருக்கு 86,700 கிடைக்கும். எண்ணைத் தட்டச்சு செய்ய வேண்டிய வினாவில் அந்தத் தவறைக் காட்டிக்கொடுக்க நான்கு விடைத் தெரிவுகளும் இருக்காது.

வரைபடத்தில் செய்த பிழையைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஒவ்வொரு செறிவையும் தனியாக எடுத்து, விதி அப்படியே பொருந்துகிறது என்று பாவித்து M கண்டால், 8 கிராமில் 75,600, 6-இல் 80,700, 4-இல் 86,200, 2-இல் 93,100 என ஏறிக்கொண்டே போகிறது. சாய்வு நேர்மமாக இருக்கும்வரை சரியான விடை இந்த வரிசையின் கடைசி எண்ணையும் தாண்டியே நிற்க வேண்டும். என்னுடைய 93,000 முதல் புள்ளியின் தனி விடையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அதுவே நான் கோட்டைச் சுழி வரை நீட்டவில்லை என்பதற்குச் சாட்சி.

அப்படியானால் மிகக் குறைந்த செறிவில் ஒரே ஒரு அளவீடு எடுத்தால் போதாதா என்று ஆய்வகத்தில் கேட்கத் தோன்றும். உயரத்தைப் படிப்பதில் 0.02 செ.மீ. பிழை நேர்ந்தால், 3.10-இல் அது ஒரு விழுக்காட்டுக்கும் கீழே, 0.63-இலோ மூன்று விழுக்காட்டுக்கு மேல். முதல் உயரத்தை 0.65 என்று படித்துவிட்டால் வெட்டுத்துண்டு 0.301 ஆகி, மோலார் நிறை 97,300-க்கு இறங்குகிறது. சுழிக்கு அருகில் உள்ள புள்ளிதான் கோட்டை அதிகம் அசைக்கிறது, அதுதான் நம்பகம் குறைந்ததும்கூட. ஆகவே அந்தப் புள்ளி கோட்டை விட்டு விலகி நின்றால், அதற்காகக் கோட்டை வளைக்காமல் அந்த அளவீட்டைத் திரும்ப எடுப்பதே முறை.

கிடைக்கும் நிறை எண்-சராசரி, அதாவது மொத்த நிறையைச் சங்கிலிகளின் எண்ணிக்கையால் வகுத்தது, என்பதையும் மறக்க வேண்டாம். குட்டையான சங்கிலிகள் சவ்வு வழியே கசிந்துவிட்டால், அவை அழுத்தத்தில் பங்கு தராததால் விடை உண்மையைவிட உயர்ந்துவிடும். கோடு அப்போதும் நேராகவே தெரியக்கூடும் என்பதால் வரைபடம் இதை நமக்குச் சொல்லாது. கரைப்பான் பக்கத்துத் திரவத்தைச் சிறிது எடுத்து ஆவியாக்கி, அடியில் படலம் தங்குகிறதா என்று பார்த்தால்தான் தெரியும்.