31ஆம் காட்சியில் எழுந்த கேள்வி

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நாங்கள் எடுத்த குறும்படம், முதல் தொகுப்பான ரஃப் கட்டில் 38 நிமிடம் ஓடியது. அங்குள்ள சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு வீடு, அதில் ஓர் ஆயாவும் பேத்தியும். இந்தியாவிலிருந்து தமிழில் ஒரு கடிதம் வருகிறது. ஆயா அதை வாசித்துக் காட்டும்போது ஒரு செய்தியை மட்டும் விழுங்கிவிடுகிறார். பின்னால் அது தெரியவந்ததும் பேத்தி வெடிக்கிறாள். அந்தச் சண்டைதான் 31ஆம் காட்சி. படத்தின் உயிரே அதில்தான் இருக்கிறது. நான் படத்தொகுப்பு செய்தேன். ஆள் குறைவு என்பதால் படப்பிடிப்பில், ஷாட்டுக்கு ஷாட் பொருந்த வேண்டிய விவரங்களை எழுதும் கன்டினியூட்டி குறிப்பேடும் என் கையில்தான் இருந்தது.

கதை தெரியாத ஆறு பேரைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினோம். பிடித்ததா என்று கேட்கவில்லை. பார்த்த கதையை அவரவர் வாயால் திருப்பிச் சொல்லச் சொன்னோம். நான்கு பேர் 31ஆம் காட்சிக்கு வந்ததும் தடுமாறினார்கள். "அந்தப் பொண்ணுதான் கடிதத்தை முதல்லயே பார்த்துடுச்சே, அப்புறம் ஏன் இப்போ புதுசா கோபம்?" என்றார் ஒருவர்.

இயக்குநர் அக்கா அன்றிரவே 31ஐ முழுவதுமாகத் திரும்ப எடுக்க வேண்டும் என்றார். நடிப்பில் கோபம் போதவில்லை என்று அவர் நினைத்தார். அது விட்டுப்போன ஓரிரு ஷாட்டை மட்டும் பிறகு எடுக்கும் பிக்கப் அல்ல, ரீஷூட்: நான்கு நடிகர்கள், ஒரு முழு நாள், வீட்டுக்காரரிடம் மறுபடியும் அனுமதி. எனக்கு இரண்டு நாள் கொடுங்கள் அக்கா என்று கேட்டேன்.

'பார்த்துடுச்சே' என்ற சொல்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. 12ஆம் காட்சியில் பேத்தி உறையைப் பிரித்து, கடிதத்தை நான்கு வினாடி பார்த்துவிட்டு, ஆயாவிடம் நீட்டுகிறாள். எங்களுக்கு அந்தப் பார்வையின் பொருள் தெரியும்: அவளுக்குத் தமிழ் எழுத்து வராது. இங்கே பிறந்து வளர்ந்த பலருக்கு வீட்டில் காதில் விழுந்த தமிழ்தான் உண்டு, எழுத்து கிடையாது. ஆறு பேரில் குழம்பாத இருவரும் இந்த ஊர்க்காரர்கள். குழம்பிய நான்கு பேரும் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்கள். ஒருத்தி தாளை நான்கு வினாடி பார்த்தால், அவர்கள் கணக்கில் அவள் வாசித்துவிட்டாள்.

அப்படியானால் திரைக்கதையில் இது சொல்லப்படவே இல்லையா? சொல்லப்பட்டிருந்தது. 9ஆம் காட்சியில் "பேசத்தான் தெரியும், எழுத்து தெரியாது" என்று அவள் ஒரு வரி சொல்வாள். ஓட்டம் மந்தமாக இருக்கிறதென்று அந்தக் காட்சியை இரண்டு வாரம் முன்னால் எடுத்துவிட்டேன். அதோடு அந்த வரியும் போனது. எங்கள் எல்லோர் தலையிலும் திரைக்கதை இருந்ததால் யாருக்கும் ஓட்டை தெரியவில்லை. இடைவெளி 31இல் உணரப்படுகிறது, ஆனால் திறந்திருப்பது 12இல்.

பிக்கப் பட்டியல் எழுதும் முன் கையில் இருப்பதை வைத்து அடைக்க முடியுமா என்று பார்த்தேன். அந்த ஒரு வரிக்காக 9ஆம் காட்சியைத் திரும்பச் சேர்த்தால் 50 வினாடி கூடுகிறது. ஆயாவின் முகம் திரையில் இருக்கும்போது பேத்தியின் குரலில் "என்ன எழுதியிருக்கு ஆயா?" என்று ஒரு வரியைப் போட்டுப் பார்த்தேன். வாய் தெரியாத இடம் என்பதால் குரல் பதிவு மட்டும் போதும். கொஞ்சம் உதவியது. ஆனால் அதற்கு முன் வரும் நான்கு வினாடிப் பார்வை இன்னமும் 'வாசித்துவிட்டாள்' என்றே சொன்னது. ஆக, புதிய ஷாட் வேண்டும்.

பட்டியலில் ஒவ்வொரு பதிவுக்கும் முதல் வரியாக ஷாட்டை எழுதவில்லை. பார்ப்பவருக்கு என்ன தெரிய வேண்டும் என்பதை எழுதினேன். 'இவளால் இந்த எழுத்தை வாசிக்க முடியாது.' அதற்குக் கீழேதான் ஷாட். கடிதத்தைத் தலைகீழாகப் பிடிக்கச் சொல்லலாமா என்றார் அக்கா. கோயிலிலும் வீட்டிலும் தமிழ் எழுத்தைப் பார்த்து வளர்ந்தவளுக்கு எது மேல், எது கீழ் என்று தெரியும். அப்படிக் காட்டினால் அவளைச் சிறுமைப்படுத்தியதாகிவிடும் என்றேன். அவரும் ஒப்புக்கொண்டார். கடைசியில் மூன்று துண்டுகள் முடிவாயின: உறைமேல் ஆங்கிலத்தில் இருக்கும் முகவரியை அவள் சரளமாக வாசிக்கிறாள், உள்தாளில் விரல் ஓடி, தேதி எண்களில் மட்டும் நிற்கிறது, ஆயா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு கை நீட்டுகிறார். மொத்தம் 11 வினாடி.

அதையும் உடனே எடுக்கவில்லை. என் வீட்டுச் சமையலறையில் தங்கையின் கையை வைத்துக் கைப்பேசியில் மூன்றையும் எடுத்து, டைம்லைனில் அந்த இடத்தில் செருகி, படம் பார்க்காத வேறு இரண்டு பேருக்குக் காட்டினேன். இருவருமே தமிழ்நாட்டுக்காரர்கள். கதையைச் சொல்லும்போது "பாவம், அதுக்குப் படிக்கத் தெரியாது" என்று அவர்களாகவே சொன்னார்கள். 31இல் ஒரு ஃபிரேமைக்கூட நான் மாற்றவில்லை. ஆனால் அந்தக் கோபத்தைப் பற்றி யாரும் கேள்வி கேட்கவில்லை. ரீஷூட்டைப் பட்டியலிலிருந்து அடித்தோம்.

அப்புறம் பொருத்தும் வேலை. குறிப்பேட்டிலிருந்து அந்தக் காட்சிக்குரிய எல்லாவற்றையும் பதிவுக்கு எதிரே எழுதினேன்: 50 மி.மீ. லென்ஸ், மேசை உயரத்தில் கேமரா, வலப்பக்க ஜன்னல் வெளிச்சம், இடக்கையில் இரண்டு பச்சை வளையல், நகப்பூச்சு இல்லை. கடிதம்தான் மறந்துபோகக் கூடிய பொருள். எங்களிடம் இருந்தது 31இல் கசக்கி எறியப்பட்ட தாள். 12இல் அது புதிது, மூன்றாக மடித்த கோடு மட்டும் இருக்க வேண்டும். அதே கையெழுத்தில் இன்னொரு பிரதி எழுத வைத்தோம். அறையின் வெற்று ஒலியையும் ஒரு நிமிடம் தனியாகப் பதிவு செய்தோம். இல்லாவிட்டால் புதிய துண்டு வரும் இடத்தில் ஓசை தட்டென்று மாறி, ஒட்டு தெரிந்துவிடும்.

பட்டியலின் இன்னொரு பதிவு எங்களை அதிகம் அலைக்கழித்தது. டோங்காட் பக்கம் கரும்புத் தோட்டத்தின் ஓரமாக ஆயா நடக்கும் காட்சியில் அவர் திரும்பிப் பார்க்கும் ஒரு அருகாமை ஷாட் இல்லை. முதலில் எடுத்தது மார்ச் கடைசியில், காலை 9 மணிக்கு. பிக்கப்புக்குப் போனது ஜூலை நடுவில். அறுவடை நடக்கும் மாதம். எங்கள் தோட்டம் வெட்டப்பட்டு அடிக்கட்டையாகக் கிடந்தது. சாலைக்கு அப்பால் வெட்டாத ஒரு துண்டு நின்றது. அருகாமை ஷாட் என்பதால் பின்னணிக்கு அது போதும்.

வெயில்தான் சிக்கல். தெற்கு அரைக்கோளம் என்பதால் இங்கே சூரியன் வடக்கு வானத்தில் போகும்; ஜூலை நடுவில் நண்பகலில்கூட அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 39 டிகிரிக்கு மேல் ஏறாது. மார்ச் கடைசியில் காலை 9 மணிக்கும் கிட்டத்தட்ட அதே உயரம்தான். அதனால் அழைப்பு நேரத்தைக் காலையிலிருந்து நண்பகலுக்கு மாற்றச் சொன்னேன். ஒளிப்பதிவாளர் அண்ணா முதலில் தயங்கினார். மூக்கின் நிழல் விழும் நீளத்தைப் பழைய ஃபிரேமோடு ஒப்பிட்டுப் பார்த்ததும் சம்மதித்தார். திசை மட்டும் வேறு: மார்ச்சில் வெயில் கிழக்கும் வடக்கும் கலந்த பக்கத்திலிருந்து, இப்போது நேர் வடக்கிலிருந்து. சூரியனைத் திருப்ப முடியாது, ஆயாவைத் திருப்பலாம். பழைய ஷாட்டில் வெயில் எந்தக் கன்னத்தில் விழுந்ததோ அதே கன்னத்தில் விழும்வரை அவரையும் கேமராவையும் சேர்த்து நகர்த்தினோம். அதனால்தான் அந்த ஷாட்டில் கரும்பு முழு ஃபிரேமையும் அடைத்து நிற்கிறது. சற்று விலகினாலும் வெட்டிய நிலம் தெரிந்துவிடும்.

பார்வைத் திசையையும் மானிட்டரில் பழைய ஷாட்டை ஓடவிட்டுச் சரிபார்த்தோம். ஆயா இடது பக்கம் திரும்ப வேண்டும். இரண்டு முறை வலது பக்கம் திரும்பிவிட்டார். "அந்தப் பக்கம்தானே வீடு, கண்ணு?" என்று கேட்டார். உண்மையான சாலையில் வீடு அந்தப் பக்கம்தான். படத்தில் இந்தப் பக்கம் ஆயா என்று சொல்லி, லென்ஸுக்கு இடப்புறம் கையை உயர்த்திக்கொண்டு நானே நின்றேன். மூன்றாவது முறை சரியாக வந்தது.